மூணு மாவுக்கு எவ்வளவு யூரியா?

கொள்ளிடத்துக்குத் தெற்கே, தஞ்சாவூர்ப் பக்கம், நிலத்தை மாக்கணக்கில் சொல்வார்கள். ஒரு மா என்றால் நூறு குழி, ஏறத்தாழ 33 செண்ட். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆற்றுக்கு வடகரையில் இருக்கும் எங்கள் திருமானூருக்கும் அந்தப் பேச்சு பாலம் தாண்டி வந்துவிட்டது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, தஞ்சாவூருக்கும் அரியலூருக்கும் பஸ் ஏறி இறங்கிப் பழகிய ஊர். அதனால் “மூணு மாவுக்கு எவ்வளவு யூரியா போடணும்?” என்று யாராவது கேட்டால் இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு ஏக்கர் நெல்லைப் பற்றித்தான் கேள்வி.

இதே கேள்வியை ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்தபோது அது மூன்று மாமரங்களுக்கு உரம் சொன்னது. மரத்தின் வயது, தூரைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் வெட்டுவது, தொழு உரம் கலப்பது என்று அழகான தலைப்புகளோடு அரைப்பக்கப் பதில். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதில் சொல்லும் மாதிரி தடுமாறும் என்பது தெரிந்த விஷயம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த வரியைப் பார்த்துத்தான். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட வைத்திருந்த இன்னொரு மாதிரி, பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தது.

இந்த மதிப்பெண் போடும் ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். விவசாயக் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் ஒரு கருவியைச் செய்துபார்க்கும் சின்னக் குழுவில் இருந்தேன். இந்த மாதிரிக் கருவியில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும் எல்லாப் பதில்களும் மாறும். மாதிரிக்குக் கொடுக்கும் கட்டளையில் ஒரு வரியைத் திருத்தினால், நேற்றுச் சரியாக இருந்த பதில் இன்று கெட்டுப்போயிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இருநூறு பதிலை மனிதர்கள் படித்து மார்க் போடுவது நடக்கிற காரியம் இல்லை. அதனால் திறமையான ஒரு மொழி மாதிரியையே நடுவராக உட்கார வைக்கிறார்கள். கேள்வி, பதில், மதிப்பிடும் விதி மூன்றையும் கொடுத்து எண்ணை வாங்கிக்கொள்கிறார்கள். சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

இதில் இரண்டு வழி உண்டு. ஒரே பதிலைக் கொடுத்து ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் கேட்பது ஒன்று. ஒரே கேள்விக்கான இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்பது மற்றொன்று. இரண்டாவதில் நடுவர் கொஞ்சம் நம்பகமாக நடந்துகொள்வார். காரணம் எளிது. தனியாக எண் கேட்டால் ஏழுக்கும் எட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாருக்கும் தெரியாது. இரண்டை ஒப்பிடும்போது ஒரு பிடி கிடைக்கிறது.

இந்த முறைக்கு 2023-ல் பெரிய வரவேற்பு கிடைத்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வேறு சிலரும் சேர்ந்து 80 கேள்விகள் கொண்ட எம்டி-பெஞ்ச் என்ற தொகுப்பை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். சமம் என்ற தீர்ப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஜிபிடி-4 நடுவரும் மனிதர்களும் 85 சதவீதம் ஒத்துப்போனார்கள். மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போனது 81 சதவீதம்தான். நடுவரின் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்று உலகம் முழுக்க முடிவானது ஏறக்குறைய அந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் அந்தக் கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தவை. அதே கட்டுரை நடுவரின் நோய்களையும் பட்டியல் போட்டிருந்தது. பலரும் முதல் பாதியைப் படித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

தமிழுக்குப் பக்கத்தில் வரும் ஆய்வு 2024-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் கார்யா நிறுவனமும் சேர்ந்து ‘பரீக்ஷா’ என்ற பெயரில் பத்து இந்திய மொழிகளில் முப்பது மாதிரிகளைச் சோதித்தார்கள். தமிழும் அதில் ஒன்று. மனிதர்கள் செய்த மதிப்பீடு மட்டும் 90,000. இயந்திர நடுவர் செய்தது 30,000. இரண்டு பதிலை ஒப்பிடும்போது மனிதரும் இயந்திரமும் ஓரளவு ஒத்துப்போனார்கள். தனியாக மதிப்பெண் போடச் சொன்னபோது ஒப்புதல் இறங்கியது, வங்காளம், ஒடியா போன்ற மொழிகளில் அதிகமாக. ஜிபிடி நடுவர் தன் குடும்பத்து மாதிரிகளின் பதில் பக்கம் சாய்வதற்கும் அவர்களுக்குச் சான்று கிடைத்தது.

என் கையில் இருந்தது அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஆனால் மாமரத்துக்கு ஒன்பது மார்க் போட்ட நடுவரை வைத்துக்கொண்டு, இந்தப் பதிப்பு போன பதிப்பைவிட நல்லது என்று எப்படிச் சொல்வது? அதை நம்பி யாரோ உரக்கடையில் காசு கொடுப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேள்வித்தாளை அச்சடித்து எடுத்துப் போனேன். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில். எந்தப் பதில் எந்த மாதிரியுடையது என்று தாளில் இல்லை. எது முதலில், எது இரண்டாவது என்பதையும் குலுக்கிப் போட்டிருந்தேன். மூன்று பேர் தனித்தனியாக மார்க் போட்டார்கள். நெல்லும் உளுந்தும் கரும்பும் போட்டுப் பழகிய என் சித்தப்பா ஒருவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். உர வியாபாரம் பார்க்கும் ஒரு அக்கா மூன்றாவது.

ஒரு கேள்வியை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். “நெல்லு பால் புடிக்கிற நேரத்துல கதிரு வெளுத்துப்போயி நிக்குது. இழுத்தா கையோட வருது. என்ன மருந்து அடிக்கலாம்?” இதற்கு ஒரு பதில் நான்கு வரி. இது குருத்துப்பூச்சி, புழு தண்டுக்குள் இருந்து அறுத்துவிட்டது, வெளுத்த கதிர் இனி மணி பிடிக்காது, அதற்கு மருந்தடிப்பது வீண், அறுப்புக்குப் பிறகு தாளை மடக்கி உழுதுவிடுங்கள், அடுத்த நடவில் நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் முட்டைக் குவியல் போய்விடும் என்று சொன்னது. இன்னொரு பதில் ஒன்றரைப் பக்கம். குலைநோயாக இருக்கலாம், குருத்துப்பூச்சியாக இருக்கலாம், சத்துக் குறைபாடாகவும் இருக்கலாம் என்று தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் மருந்துப் பெயர்களை வரிசையாகப் போட்டு, வேளாண் அலுவலரை அணுகுங்கள் என்று முடிந்தது.

சித்தப்பா நீளப் பதிலைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டார்.

“ஏன் சித்தப்பா, முழுசாப் படிக்கல?”

“என்னத்தப்பா படிக்கிறது? கேட்டவன்தான் இழுத்தா கையோட வருதுன்னு சொல்லிட்டானே. குலைநோயா இருந்தா கழுத்துல கருகியிருக்கும், இப்படி உருவிக்கிட்டு வராது. அவன் சொன்னதையே இது காதுல வாங்கல. மருந்து மட்டும் நாலு சொல்லுது.”

அக்காவும் நான்கு வரிப் பதிலுக்குத்தான் போட்டார். “இத நீளமா எழுதினவன் எங்கடைக்கு யாவாரம் புடிச்சுக் குடுக்குறான் தம்பி” என்று சிரித்தார். தலைமையாசிரியர் மட்டும் நீளத்துக்குப் போட்டிருந்தார். கேட்டதற்கு, “வாக்கிய அமைப்பு செம்மையா இருக்கு, எல்லாக் கோணத்தையும் தொட்டிருக்கான்” என்றார். நடுவர் மாதிரியும் நீளப் பதிலுக்கே தீர்ப்பெழுதியது. அவரும் அதுவும் பார்த்தது ஒரே விஷயத்தைத்தான்.

நீளத்துக்கு மயங்குவது நடுவர் மாதிரிகளின் முதல் நோய். பொறியியல் கல்லூரி விடுதியில் எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அடிஷனல் ஷீட் வாங்கி எழுதினவனுக்குத்தான் மார்க் என்று ஒரு நம்பிக்கை உண்டு. திருத்துகிறவர் களைத்துப்போய்ப் பக்கத்தை எண்ணுவார் என்பது அதன் பின்னால் இருந்த கணக்கு. மாதிரி களைப்பதில்லை. ஆனால் அது பழகிய நூல்களிலும் மனித மதிப்பீடுகளிலும் விரிவாக எழுதியதும் நன்றாக எழுதியதும் பெரும்பாலும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஒன்றைப் பார்த்ததும் மற்றது இருப்பதாக எடுத்துக்கொள்கிறது.

இதைத் தனியாகப் பிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. நல்ல பதில் ஒன்றை எடுத்து, அதே விஷயத்தை வேறு சொற்களில் திரும்பச் சொல்லி இரண்டு மடங்காக்க வேண்டும். புதிதாக ஒரு தகவலும் சேர்க்கக் கூடாது. பிறகு அசலையும் ஊதிப்பெருத்ததையும் நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஊதினது ஜெயித்தால் நோய் உறுதி. 2023 ஆய்விலும் இப்படிச் செய்தார்கள். பட்டியல் வடிவில் இருந்த 23 பதில்களை இப்படிப் பெருக்கியபோது, ஜிபிடி-3.5 நடுவரும் கிளாட் நடுவரும் 91 சதவீதம் ஏமாந்தன. ஜிபிடி-4 ஒன்பது சதவீதத்துக்குள் நின்றது. நோய் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை என்பதும் இதில் தெரிகிறது. அதனால் நடுவரை மாற்றினால் சோதனையையும் மறுபடி செய்தாக வேண்டும்.

இரண்டாவது நோய் இடம். முதலில் வைத்த பதிலுக்கே சாய்வது, அல்லது சில மாதிரிகளில் இரண்டாவதற்கு. 2023-லேயே வந்த இன்னொரு ஆய்வில், சாட்ஜிபிடியை நடுவராக வைத்து, வரிசையை மாற்றுவதன் மூலம் மட்டுமே 80 கேள்விகளில் 66-ல் விக்குன்யா என்ற சிறிய மாதிரியை சாட்ஜிபிடியையே தோற்கடிக்க வைக்க முடிந்தது. மருந்து சுலபம். ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு தடவை கேட்க வேண்டும், வரிசையைத் திருப்பி. இரண்டு தடவையும் ஒரே பதில் ஜெயித்தால் மட்டும் வெற்றி, மாறினால் சமம். பல்கலைக்கழகத் தாளை இரண்டு பேர் திருத்துவது போலத்தான், ஆனால் இங்கே இரண்டு பேரும் ஒரே ஆள். எத்தனை ஜோடியில் தீர்ப்பு புரண்டது என்பதைத் தனியாகக் குறித்து வைப்பது நல்லது. பாதிக்கு மேல் புரண்டால் அந்த நடுவர் பதிலைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். நடுவரும் மனிதரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சொல்ல, சதவீதம் மட்டும் போதாது. உதாரணத்துக்கு நூறு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பதில், ஒரு குறும்பதில். இருவரும் நீளத்துக்குச் சொன்னது 55. இருவரும் குறும்பதிலுக்குச் சொன்னது 15. நடுவர் நீளம் என்று சொல்லி மனிதர் குறும்பதில் என்று சொன்னது 25. மாற்றிச் சொன்னது 5. ஒப்புதல் 70 சதவீதம். கேட்கப் பரவாயில்லை போலிருக்கும்.

ஆனால் நடுவர் மொத்தத்தில் 80 தடவை நீளத்துக்குச் சொல்லியிருக்கிறார், மனிதர் 60 தடவை. பதிலைப் படிக்காமல் எப்போதும் நீளம் என்று சொல்கிற ஒரு பொம்மைகூட இந்தத் தாளில் 60 சதவீதம் ஒத்துப்போகும். தற்செயலாக வரக்கூடிய இந்த ஒப்புதலைக் கழித்துவிட்டுப் பார்ப்பதற்குத்தான் ஜேக்கப் கோஹன் 1960-ல் கப்பா என்ற அளவைத் தந்தார்.

```
po = (55 + 15) / 100
pe = 0.80*0.60 + 0.20*0.40
kappa = (po - pe) / (1 - pe)
```

`po` கண்ணால் கண்ட ஒப்புதல், 0.70. `pe` இருவரும் அவரவர் பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் வந்திருக்கக்கூடிய ஒப்புதல், 0.56. கப்பா சுமார் 0.32. முழு ஒப்புதலுக்கு 1, வெறும் தற்செயலுக்கு 0. எழுபது என்று கேட்டபோது இருந்த தைரியம் இதில் இருக்காது.

அதைவிட முக்கியம் அந்த 25-ம் 5-ம். நடுவருக்கு வெறும் தடுமாற்றம்தான் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிசகியிருக்கும், 15-ம் 15-ம் மாதிரி. தடுமாற்றத்தைச் சமாளிக்கலாம். இன்னும் நிறையக் கேள்வி சேர்த்தால் இரண்டு பக்கப் பிசகும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஒரே பக்கம் சாய்கிற தராசுக்கு அது நடக்காது. ஆயிரம் கேள்வி போட்டாலும் ஆயிரம் தடவை அதே பக்கம் சாயும். எண்ணிக்கை கூடக்கூட தப்பான விடை இன்னும் உறுதியாகத் தெரியும். எங்கள் திருமானூர்த் தாளிலும் பிசகு ஒரு பக்கமாகத்தான் இருந்தது, நீளத்தின் பக்கம். ஒப்புதல் சதவீதத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. எங்கே ஒத்துப்போகவில்லையோ அந்தத் தாள்களை எடுத்துத் தனியாக அடுக்கிப் படித்தால்தான் தெரியும்.

சரி, மனிதர்களே ஒத்துப்போகவில்லையே? அதுவும் கணக்கில் வர வேண்டும். சித்தப்பாவும் அக்காவும் நெருக்கமாக இருந்தார்கள். தலைமையாசிரியர் தள்ளி நின்றார். மூவரின் பெரும்பான்மையை மட்டும் எடுத்து ‘மனிதத் தீர்ப்பு’ என்று பெயர் வைத்தால் அவருடைய குரல் காணாமல் போய்விடும். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பேச்சுவழக்கில் கொச்சையாக வந்த சில பதில்களை அவர் தள்ளியது, படிக்கிறவருக்கு மரியாதை வேண்டும் என்பதால். அதனால் தாளை இரண்டாகப் பிரித்தோம். விஷயம் சரியா என்பது ஒரு கேள்வி. சொன்ன விதம் நன்றாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பிரித்துக் கேட்டதும் விஷயத்தில் மூவரும் நன்றாகவே சேர்ந்துவிட்டார்கள். வெள்ளைக்கதிர்ப் பதிலைத் திரும்பப் படித்த ஆசிரியர், “விஷயம்னு கேட்டா சின்னதுதான்ப்பா சரி” என்று மாற்றிப் போட்டார். மனிதர்கள் தங்களுக்குள் ஒத்துப்போகும் அளவுதான் நடுவரிடம் நாம் எதிர்பார்க்கக்கூடியதற்கு ஏறக்குறைய ஒரு வரம்பு. கேள்வி குழப்பமாக இருந்தால் அந்த வரம்பே தாழ்ந்துவிடும்.

மனிதர்களுக்கும் இடச்சாய்வு உண்டு, களைப்பும் உண்டு. சாயங்காலம் ஆக ஆக சித்தப்பாவிடமிருந்து “ரெண்டும் ஒண்ணுதான்” என்பது அதிகமாக வர ஆரம்பித்தது. காலையில் கொடுத்த சில ஜோடிகளை வரிசை மாற்றி மாலையில் மறுபடி கலந்து வைத்திருந்ததால் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. மறுநாள் இருபது இருபதாகப் பிரித்துக் கொடுத்தேன்.

இனி மாமரம். நீளத்துக்கும் இடத்துக்கும் வரிசையைத் திருப்புவது, ஊதிப்பார்ப்பது என்று வழிகள் இருக்கின்றன. அறியாமைக்கு அப்படி ஒன்றும் இல்லை. மா என்பது நில அளவு என்று நடுவருக்குத் தோன்றவில்லை என்றால் எத்தனை தடவை திருப்பிக் கேட்டாலும் மாமரத்துக்குத்தான் மார்க். தனக்குத் தெரியாத கேள்வியில் நடுவர், பதிலின் நடையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்கிறார். அங்கேதான் மனிதர் எழுதிய மாதிரி விடை தேவைப்படுகிறது. 2023 ஆய்வில் கணக்குக் கேள்விகளில் இதைக் காட்டியிருந்தார்கள். சும்மா தீர்ப்புக் கேட்டபோது 20-ல் 14 தவறு. முதலில் நீயே யோசித்து விடை எழுது, பிறகு தீர்ப்புச் சொல் என்றபோது 6. தனியாகத் தயாரித்த விடையைக் கையில் கொடுத்தபோது 3.

நாங்களும் விடைக்குறிப்பு எழுதினோம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று வரி: கேட்பது எது, பதிலில் கட்டாயம் இருக்க வேண்டியது எது, இருக்கவே கூடாதது எது. மூணு மாவுக்கான குறிப்பில் முதல் வரி, ‘மூன்று மா என்பது ஒரு ஏக்கர்’. வெள்ளைக்கதிருக்கான குறிப்பில், ‘வெளுத்த கதிருக்கு மருந்து சொன்னால் தவறு’. குறிப்பைச் சொன்னவர்கள் சித்தப்பாவும் அக்காவும். எழுதியவர் தலைமையாசிரியர். குறிப்போடு கேட்டபோது நடுவர் இந்த இரண்டு கேள்வியிலும் சரியாகத் தீர்ப்பெழுதினார்.

இதற்கும் எல்லை இருக்கிறது. குறிப்பில் இல்லாத இன்னொரு சரியான வழியைச் சொன்ன பதிலை நடுவர் தயங்காமல் குறைத்துப் போடுகிறார். நுனி கிள்ளி நடுவதற்குப் பதிலாக விளக்குப்பொறி வைக்கச் சொன்ன ஒரு பதிலுக்கு அப்படி ஆனது. விளக்குப்பொறியும் குருத்துப்பூச்சிக்கு நல்ல யோசனைதான். குறிப்பு எழுதுகிறவர், ‘இது போன்ற வேறு வழிகளும் சரி’ என்று எங்கே சேர்க்க வேண்டும் என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது. அதை யோசிக்க வயல் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். மனிதர்கள் மார்க் போட்ட தாளில் பாதியைப் பூட்டி வைத்துவிட்டோம். நடுவருக்கான விதியைத் திருத்தித் திருத்திப் பார்ப்பதெல்லாம் மற்றப் பாதியில்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை பூட்டிய பாதியில் சோதனை. இல்லாவிட்டால் நடுவர் நம்முடைய கேள்வித்தாளுக்கு மட்டும் நல்லவராகிவிடுவார். கேள்விகள் குறைவாக இருக்கும்போது எண்ணை வைத்து ரொம்பக் குதிக்கவும் கூடாது. நூறு ஜோடியில் 70 சதவீதம் ஒப்புதல் என்றால், உண்மை அளவு 61-க்கும் 79-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். விதியில் ஒரு வரி மாற்றி அது 73 ஆனால், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி நிற்கிறது. தமிழ் சரளமாக இருக்கிறதா, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஓடுகிறதா, போன பதிப்பில் சரியாக இருந்தது இதில் கெட்டிருக்கிறதா என்பதை நடுவர் மாதிரி பார்க்கிறது, இரண்டு பக்கமும் திருப்பி, விடைக்குறிப்போடு. மருந்து, உரம், அளவு, காசு சம்பந்தப்பட்ட எந்தப் பதிலும் அதன் தீர்ப்பை மட்டும் நம்பி வெளியே போவதில்லை. ஒவ்வொரு பதிப்பிலும் முப்பது ஜோடியைக் குலுக்கி எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். அதற்கு மூவருக்கும் சம்பளம் உண்டு. முதலில் சித்தப்பா வாங்க மாட்டேன் என்றார். “படிக்கிறதுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?” என்று கேட்டார். நடுவர் மாதிரிக்கு ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் பணம் கட்டுகிறோம் என்று சொன்ன பிறகு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப மாமரத்துக்கு மார்க் போட்டதுக்கும் காசு குடுத்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். அந்த மாதத்திலிருந்து வாங்கிக்கொள்கிறார்.